விழுவதற்கு முன் எழுந்த அட்டை

ஏலப் பொருள்களை மேடைக்குப் பக்கத்து அறையில் நீள மேசை போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் எண் எழுதிய காகிதம் இருந்தது. இளஞ்செழியன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். பட்டுப் புடவையில் இழை அறுந்திருக்கிறதா, கிரைண்டர் கல் சுற்றுகிறதா, வெண்கல விளக்கில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவன் வழக்கம். குறை இருந்தால் அதையும் மேடையில் சொல்லிவிட்டுத்தான் ஏலத்தைத் தொடங்குவான். ஒன்பதாம் எண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே அவன் மனைவி மீனாக்ஷியின் தொலைநோக்கி மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தது.

அதைக் கொடுத்தது அவன்தான். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் சதாசிவத்தின் மனைவி மங்களம் மாமி வீடு வீடாகப் பொருள் சேகரித்துக்கொண்டு வந்தபோது, பால்கனி அலமாரியைத் திறந்து, பழைய பேப்பர்காரனுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தான். மாமி தயங்கினார். "நிஜமாத்தான் தரியாப்பா?" என்று கேட்டார். "எடுத்துக்குங்க மாமி" என்றான். அப்போது மனதில் ஒன்றுமே இல்லை. மீனாக்ஷி இறந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தது. அலுவலகம் போனான், காப்பீட்டுக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டான், திரும்பி வந்தான். எதைக் கொடுத்தாலும் எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான் என்று தோன்றியது.

இப்போது அப்படித் தோன்றவில்லை. குழாயின் மேல் அவள் ஒட்டிய பச்சை நாடா அப்படியே இருந்தது.

"அத்தான்."

சுஜாதா, மீனாக்ஷியின் தங்கை. நொய்டாவில் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை. மூக்கை மூடிய முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தாள். நவம்பர் புகை கூடத்துக்குள்ளேயும் வந்திருந்தது.

"ஒம்பதாம் நம்பரைப் பாத்தியளா?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அக்கா சாமான் அத்தான். குடுக்கதுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

"தெரியல."

"இப்பம் திருப்பிக் கேட்டா என்ன? செயலாளர் சார்ட்ட நான் வேணா சொல்லுதேன்."

"நோட்டீஸ்ல போட்டாச்சு சுஜாதா. அதைப் பாத்துட்டு யாராவது வந்திருப்பாங்க. கடைசி நேரத்துல எடுத்தா அது ஏலமே இல்ல."

அவள் கையிலிருந்த அட்டையைக் காட்டினாள். முப்பத்தொன்று. "அப்பம் நான் கேக்கேன். உங்களுக்காகத்தான். நீங்க மட்டும் ரொம்ப இழுக்காம சட்டுன்னு சுத்தியலைப் போட்டிருங்க. யாருக்கு என்ன தெரியப் போவுது?"

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. சுஜாதா அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சதாசிவம் அடுத்து வந்தார். மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் காதோடு சொல்வதுதான் அவருக்கு வழக்கம்.

"இளஞ்செழியன், ஒரு விஷயம். கூட்டம் டல்லா இருந்தா, கடைசி வரிசையைப் பாத்து நீங்களே ஒரு தொகையைச் சொல்லிடுங்கோ. யாரோ கேட்டா மாதிரி. பின்னாடி யார் திரும்பிப் பாக்கப் போறா? நல்ல காரியத்துக்குத்தானே."

"அது காத்துல கேக்கறது சார். செய்ய மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை."

"இல்லாத ஆளைக் காட்டி இருக்கற ஆள்கிட்ட கூடுதலா வாங்கறது. நல்ல காரியம்னா அதுக்காகவே செய்யக் கூடாது."

சதாசிவம் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இளஞ்செழியனுக்குத் தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. ஒருவர் ஏற்றச் சொன்னார், மறுத்துவிட்டான். ஒருத்தி இறக்கச் சொன்னாள், அவளுக்குப் பதிலே சொல்லவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிபட்டபின் ஊர்க்கோடியில் நரேலாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் மந்திர் மார்க் பள்ளிக்கு வந்து போக ஒரு வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்த ஏலம். அவன் மைக்கைப் பிடித்தான். பக்கத்தில் சின்ன மேசை போட்டு, யார் எவ்வளவு கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளக் கவிதா உட்கார்ந்திருந்தாள். அதே பள்ளியில் ஆசிரியை.

"வணக்கம். முதல்ல விதியைச் சொல்லிடறேன், அப்புறம் கத்தலாம்." கூட்டம் சிரித்தது. "அட்டையைத் தூக்கினா கேட்டதா அர்த்தம். காது சொறிஞ்சா அர்த்தம் இல்ல. பத்தாயிரம் வரைக்கும் ஐநூறு ஐநூறா ஏறும், அதுக்கு மேல ஆயிரம் ஆயிரமா. தாண்டிக் கேக்கணும்னா வாயைத் திறந்து சொல்லுங்க. கையில இருக்கற தொகையையும் நான் கேக்கற தொகையையும் ரெண்டையும் சொல்லிட்டே இருப்பேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்வேன். ஆனா மூணுன்னு சொன்னதும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சுத்தியல் விழுந்தாத்தான் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி எழுந்த அட்டை செல்லும். கடைசியா ஒண்ணு. அட்டையைத் தூக்கறதுக்கு முன்னாடி மனசுல ஒரு தொகையை வெச்சுக்குங்க. என் பேச்சைக் கேட்டு அதைத் தாண்டாதீங்க. தாண்ட வைக்கறதுதான் என் வேலை, அதனால சொல்றேன்."

அதையே இந்தியிலும் சொன்னான். அக்கம்பக்கத்துக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று தமிழ் தெரியாதவர்களும் வந்திருந்தார்கள்.

முதல் பொருள் பட்டுப் புடவை. அவன் குரல் தானாகவே ஏறியது.

"நாலாயிரம் கையில, நாலாயிரத்து ஐநூறு யாரு? இடப்பக்கம் ஏழாம் நம்பர், நாலரை. நன்றிம்மா. நாலரை கையில, அஞ்சு கேக்கறேன். அஞ்சு, அஞ்சு, ஜன்னலோரம் பதினெட்டு, அஞ்சு வந்தாச்சு. ஏழாம் நம்பர், உங்களைத் தாண்டிட்டாங்க. அஞ்சரை? யோசிங்க, புடவை எங்கயும் ஓடாது. பாஞ்ச் ஹஸார் ஹை, ஸாடே பாஞ்ச் கோன் போலேகா?"

இந்தத் தாளத்தை அவன் வீட்டில் பழகினான். படுக்கையில் சம்மணம் போட்டு மீனாக்ஷி ஒருத்தியே முழுக் கூட்டமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு கையால் பணக்காரக் கிழவராகக் கேட்பாள், மறு கையால் கஞ்சப் பெண்மணியாக மறுப்பாள். பிரஷர் குக்கரை இரண்டு லட்சத்துக்கு ஏற்றிவிட்டுப் படுத்துச் சிரிப்பாள். 'நீ வேகமாப் போறே, நான் யாரை ஜெயிக்கறேன்னே எனக்குத் தெரியல' என்று அவள் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு தொகையோடும் எண்ணைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.

நாலாவது பொருள் கோயம்புத்தூர் கிரைண்டர். முன்வரிசையில் பன்னிரண்டாம் எண் அட்டை எழுந்தது. ஜோதிலிங்கம், சாணக்யபுரிப் பக்கம் விருந்தினர் இல்லங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர். குட்டையான பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசிகள். அவர் ஆறாயிரம் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து இருபத்தாறு எழுந்தது, ஆறரை. இவர் ஏழு. அவள் ஏழரை. கூட்டம் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கிரைண்டர் கடைவிலையை நெருங்கிக்கொண்டிருந்தது. இளஞ்செழியன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"இருபத்தாறாம் நம்பர் அம்மா, ஒரு நிமிஷம். பன்னெண்டாம் நம்பர் உங்க வீட்டுக்காரர்தானே?"

அருக்காணி எட்டிப் பார்த்தார். "அட, அவருங்களா கேக்கறாரு? தூண் மறைக்குதுங்க. யாரோ விடாக்கண்டன்னு நெனச்சேன்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குக் கேட்டுட்டு இருக்கீங்க. நீங்க விலை ஏத்தினது உங்க மேலேயே. கடைசியா வெளியாள் ஒருத்தர் கேட்டது அஞ்சரை, நாப்பதாம் நம்பர். அதுலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கறேன். சார் ஆறு, சரிங்களா? ஆறரை வேற யாராவது?"

கூடமே சிரித்தது. ஜோதிலிங்கம் எழுந்து கும்பிட்டார். "தம்பி, இருபது வருசமா இப்படித்தானுங்க. நான் ஒண்ணு சொன்னா அவ அதுக்கு மேல ஒண்ணு." ஆறாயிரத்துக்கே கிரைண்டர் அவருக்கு விழுந்தது. சதாசிவம் மேடை ஓரத்தில் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஆனால் அடுத்த பொருளிலிருந்து அட்டைகள் வேகமாக எழுந்தன. ஏமாற மாட்டோம் என்று தெரிந்துவிட்டால் கூட்டத்துக்குக் கை லேசாகிவிடும். அது இளஞ்செழியனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பொருளை முடிக்கும்போதும் அவன் ஒன்று செய்தான். சுத்தியலை ஓங்குமுன், தோற்கப்போகிற ஆளின் கண்ணைப் பார்த்து, "போதுங்களா?" என்று கேட்டான். அவர் தலையாட்டிய பிறகுதான் அடித்தான். எட்டுப் பொருள்களுக்கும் அப்படியே செய்தான்.

ஒன்பதாவதைத் தொண்டர்கள் தூக்கி வந்து மேடையில் நிறுத்தினார்கள்.

"தொலைநோக்கி," என்றான். குரல் தட்டையாக வந்தது. "பழசு. கண்ணாடி ஓரத்துல ஒரு சின்னக் கீறல். மூணு காலும் சரியா இருக்கு. மூவாயிரத்துல தொடங்கறேன்."

அவ்வளவுதான் சொன்னான். காற்று சுத்தமான இரவில் அதில் சனிக்கிரகத்தின் வளையம் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுகிறோம் என்று தெரிந்தே விட்டான்.

முப்பத்தொன்று எழுந்தது. "மூணு கையில. மூணரை?" நடுவரிசையில் அம்பி என்ற இளைஞன், குருகிராமத்தில் கணினி வேலை, மகனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். சுஜாதா நாலு. அம்பி நாலரை. ஆறாயிரத்தில் அம்பி நின்றான். இளஞ்செழியன் அவனைப் பார்த்து "போதுங்களா?" என்றான். அம்பி தலையாட்டினான். முடிந்தது என்று இளஞ்செழியன் நினைத்தான்.

"ஆறரைங்க," என்றார் ஜோதிலிங்கம்.

அருக்காணி பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார், "அது எதுக்குங்க நமக்கு?"

"எதிர் வீட்டுல என்ன கொழம்புன்னு பாக்கலாமல்ல."

கூட்டம் சிரித்தது. இளஞ்செழியனால் சிரிக்க முடியவில்லை. ஏழு, ஏழரை, எட்டு. சுஜாதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டரை என்றார் ஜோதிலிங்கம். சுஜாதா ஒன்பது.

அப்போது ஜோதிலிங்கத்தின் கைபேசி அடித்தது. அவர் குனிந்து பேச ஆரம்பித்தார். அட்டை மடியில் கிடந்தது.

"ஒன்பது கையில, முப்பத்தொண்ணு. ஒன்பதரை கேக்கறேன். ஒரு தரம்."

அவரைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் என்று சொன்னால் போதும், நிமிர்வார்.

"ரெண்டு தரம்."

சுஜாதாவின் கண்கள் பளபளத்தன. அவன் யாருடைய கண்ணையும் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

"மூணு தரம்."

சுத்தியல் இறங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் கீழே, பார்வையின் ஓரத்தில், வெள்ளையாக ஒன்று எழுந்தது. கை அதற்காக நிற்கவில்லை. சுத்தியல் கட்டையில் பட்டது.

"முப்பத்தொண்ணு. ஒன்பதாயிரம்."

கைதட்டல். ஜோதிலிங்கம் காதில் கைபேசியும் கையில் உயர்த்திய அட்டையுமாக ஒரு கணம் இருந்தார். பிறகு அட்டையை இறக்கிக்கொண்டு சிரித்தார். "ஜல்தி பண்ணிப்போட்டீங்க தம்பி. என்ற தப்புத்தான். போன் பேசிட்டேன்."

அவரே விட்டுவிட்டார். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கவிதா பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினாள். தொண்டர்கள் தொலைநோக்கியைத் தூக்கக் குனிந்தார்கள். சுஜாதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியன் வெண்கல விளக்கைக் கொண்டுவரச் சொல்ல வாயைத் திறந்தான். பத்தாவது பொருள், அதன் அடியில் ஒட்டு இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். ஒட்டு இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்தான்.

"குறிக்காதீங்க டீச்சர்," என்றான்.

கவிதா நிமிர்ந்தாள். மைக் திறந்திருந்தது. கூடம் அமைதியானது.

"பன்னெண்டாம் நம்பர் அட்டை சுத்தியல் விழறதுக்கு முன்னாடி எழுந்தது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அடிச்சேன். விதிப்படி அது செல்லும். இன்னொண்ணு. இந்தப் பொருள் என் வீட்டுது. கேட்டது என் மனைவியோட தங்கச்சி, எனக்காக. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். இந்தப் பொருளுக்கு நான் ஏலம் சொல்லக் கூடாது. ஒன்பதரை பன்னெண்டாம் நம்பர் கையில. அங்கேர்ந்து டீச்சர் சொல்லுவாங்க."

யாரோ இருமினார்கள். சதாசிவம் மேடை ஏறி வந்து, "இதெல்லாம் தேவையாப்பா?" என்று முணுமுணுத்தார். ஜோதிலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"பாக்கலைன்னா அது வேற தம்பி," என்றார் மெதுவாக. "பாத்துப்போட்டு அடிச்சீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் விட மாட்டேன்."

"விட வேணாங்க."

கவிதா மைக்கைக் கையில் வாங்கவே தயங்கினாள். "சார், எனக்கு வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுத்துத்தான் பழக்கம்."

"அதேதான். நம்பரும் தொகையும். அவசரப்படாதீங்க. சனியோட வளையம் இதுல தெரியும்னு சொல்லிடுங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் இறங்கிப் போய் சுஜாதா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எதுக்கு அத்தான்?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "கையில வந்ததைப் போயி."

"வரல சுஜாதா."

கவிதா ஏலம் சொன்னாள். வளையத்தைப் பற்றிச் சொன்னபோது அம்பியின் மகன் அப்பாவின் சட்டையை இழுத்தான். அம்பி பத்து என்று அட்டையைத் தூக்கினான். இப்போது மூன்று பேர். சுஜாதா பதினொன்று. ஜோதிலிங்கம் பன்னிரண்டு. அம்பி உதட்டைப் பிதுக்கிவிட்டு அட்டையைக் கவிழ்த்தான்.

"எவ்வளவு வரைக்கும் அத்தான்?"

மனதில் ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடம் முழுக்கச் சொன்னவன், தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. "கேளு," என்றான்.

"பதிமூணு, முப்பத்தொண்ணு கையில," என்றாள் கவிதா. முதலில் ரோல் நம்பர் கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது. மெல்ல அவள் குரலும் பிடித்துக்கொண்டது. "பதினாலு கேக்கறேன். சார், பதினாலு? பன்னெண்டாம் நம்பர் பதினாலு. முப்பத்தொண்ணு, உங்களைத் தாண்டிட்டாங்க. பதினஞ்சு? பதினாலு இருக்கு, பதினஞ்சு யாரு?"

அவனுடைய சொற்கள்தான். மேடையில் நின்று சொல்லும்போது அவற்றுக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. இருக்கு, யாரு, தாண்டிட்டாங்க. ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து தட்டியது. அட்டை எழாத ஒவ்வொரு நொடியும் ஏதோ தன் கையிலிருந்து நழுவுவதுபோல இருந்தது. பதினைந்து. பதினாறு. பதினேழு. அவன் சுஜாதாவின் முழங்கையைத் தானே மேலே தள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டான்.

"பதினெட்டு," என்றார் ஜோதிலிங்கம். அவர் மேடையைப் பார்க்கவில்லை. இவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

சுஜாதா பத்தொன்பது. ஜோதிலிங்கம் எழுந்து நின்றார்.

"இருபத்தஞ்சு."

கூடத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது.

"தாண்டிக் கேட்டிருக்காங்க. இருபத்தஞ்சாயிரம், பன்னெண்டாம் நம்பர்," என்றாள் கவிதா. "அடுத்தது இருபத்தாறு. முப்பத்தொண்ணு, நிதானமா யோசிங்க. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தாள். சுஜாதா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தான், எங்கிட்ட இருக்கு, நான் போடுதேன்" என்றாள். அவளிடம் இருக்காது. வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக அவளிடம் என்ன மிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். தன்னிடம் இருந்தது. இருபத்தாறும் கொடுக்கலாம், நாற்பதும் கொடுக்கலாம். அவரும் நாற்பத்தொன்று கேட்பார். அவனைத் தோற்கடிக்க அவருக்கு நியாயம் இருந்தது. அவரை ஜெயிக்க அவனுக்கு என்ன இருந்தது?

மேடையில் விளக்கொளியில் தொலைநோக்கி நின்றது. மூடியைக் கழற்றாமலே பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று ஒருமுறை சொன்னான். மீனாக்ஷி மொட்டைமாடியில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

சுஜாதாவின் கையிலிருந்த அட்டையின் மேல் தன் கையை வைத்தான். "போதும்" என்று கவிதாவுக்குக் கேட்கும்படி சொன்னான்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கவிதாவுக்குச் சுத்தியலை எவ்வளவு ஓங்குவது என்று தெரியவில்லை. மிக மெதுவாகத் தட்டினாள். பல மாதங்களாக வராத அழுகை இப்போது அவன் கண் வரைக்கும் வந்து நின்றது. சுஜாதா முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள்.

இன்னும் மூன்று பொருள்கள் இருந்தன. அவன் மேடைக்குத் திரும்பலாமா என்று சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் எதையும் காட்டவில்லை. கவிதாவே மைக்கை அவன் கையில் திணித்தாள். "எனக்கு இதோட போதும் சார்."

"பத்தாவது, வெண்கல விளக்கு," என்றான். குரல் கரகரத்தது. "அடியில ஒட்டுப் போட்டிருக்கு. எண்ணெய் ஒழுகாது, நான் ஊத்திப் பாத்தேன். ரெண்டாயிரத்துல தொடங்கறேன்."

எந்த அட்டையும் எழவில்லை. "ரெண்டாயிரம்," என்றான் மறுபடி. பின்வரிசையைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்ல இவ்வளவு எளிதான நேரம் வேறு வராது. சொல்லவில்லை. மௌனத்தை அப்படியே விட்டான். "யாரும் கேக்கலைன்னா ஓரமா வெச்சுட்டு அடுத்ததுக்குப் போறேன். தப்பில்ல."

தூணுக்குப் பின்னாலிருந்து அருக்காணியின் கை வந்தது. "ரெண்டுங்க. முன்னாடி இருக்கறவரு கேக்காம இருந்தாச் செரி." யாரோ சிரித்தார்கள். நடுவரிசையில் ஒருவர் இரண்டரை என்றார். பிறகு விளக்கும் விலை போய்விட்டது.

எல்லாம் முடிந்து, தட்டுகளில் பொங்கலும் வடையும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஜோதிலிங்கம் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்று திருகாணிகளைத் தடவிக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் போய் நின்றான்.

"பிரிச்சு எடுத்துட்டுப் போலாமுங்களா?"

"போலாம்."

"கோபத்துல வாங்கிட்டேன் தம்பி. இதுல எந்தப் பக்கம் கண்ணை வெக்கறதுன்னே எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு வந்து பூட்டிக் காட்டிக் குடுத்துருங்க."

"எனக்கும் தெரியாதுங்க. என் மனைவிதான் பூட்டுவா. ஸ்டூல் மேல ஏறி நின்னு பாப்பா. நான் ஸ்டூலைப் புடிச்சுக்குவேன், அவ்வளவுதான்."

"அப்ப அவங்களை அனுப்புங்க."

"அவ இல்லைங்க. போன மழைக்காலத்துல."

ஜோதிலிங்கத்தின் கை திருகாணியிலிருந்து எடுபட்டது. பக்கத்தில் யாரோ சட்னி கேட்டார்கள்.

"அதை மேடையில சொல்லியிருந்தீங்கன்னா நான் கேட்டே இருக்க மாட்டேனுங்களே."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

"எடுத்துட்டுப் போங்க. பணத்தை நான் வேனுக்குக் கட்டிப்போடறேன். இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

இளஞ்செழியன் தலையாட்டி மறுத்தான். "உங்களுக்கு விழுந்தாச்சுங்க. இனிமே அது உங்க பொருள்."

இரண்டு பேருமாகக் குழாயைக் காலிலிருந்து கழற்றினார்கள். எந்தத் திருகாணி எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தளர்த்தியதில் ஒன்று தரையில் உருண்டோடியது. அருக்காணி காலால் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். கார் டிக்கியில் குழாய் நீளத்துக்குக் கொள்ளவில்லை. பின்சீட்டில் அருக்காணியின் மடியில் கிடத்தினார்கள். வெளியே புகையில் தெருவிளக்கே சரியாகத் தெரியவில்லை.

ஜோதிலிங்கம் கதவைச் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றி வந்து நின்றார்.

"பூட்டறதை என்ற ஆளுங்களை வெச்சுப் பாத்துக்கறேன் தம்பி. நானும் ஸ்டூல்ல ஏறித்தான் பாக்கணும், என்ற ஒசரத்துக்கு. எடை வேற இருக்கு. அதைப் புடிக்கவாவது வாங்க."

இளஞ்செழியன் பின்சீட்டுக் கண்ணாடி வழியாகப் பச்சை நாடாவைப் பார்த்தான்.

"எப்ப வரணுங்க?" என்று கேட்டான்.